குயவனின் கையும் ஈர விறகும்

கேள்வி: ஐயா, வணக்கம். பி.ஏ. தத்துவம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சமயத் தத்துவத் தாளில், குடத்துக்குக் குயவன் இருப்பதுபோல உலகுக்கும் ஒருவன் இருக்க வேண்டும் என்று, இந்தியத் தத்துவ மரபுகளில் ஒன்றான நியாயம் வைக்கும் வாதம் வருகிறது. உள்தேர்வில் நான், “இது வெறும் உவமை. குயவனுக்குக் கைகால் உண்டு, ஒருநாள் சாவான், ஊரில் பல குயவர்கள் உண்டு. அப்படியானால் ஈசுவரனுக்கும் உடம்பு வேண்டும், அவனும் சாக வேண்டும், பலராகவும் இருக்க வேண்டும்” என்று எழுதினேன். ஹியூம் சொன்னதும் இதுதானே? மேடம் ஓரத்தில் ‘ஜாதி’ என்று ஒரு சொல் எழுதி 10க்கு 3 போட்டிருக்கிறார். நேரில் கேட்கத் தயக்கமாக இருக்கிறது. தவறு எங்கே?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் அந்தச் சொல். நியாய நூல்களில் ஜாதி என்றால் போலி மறுப்பு என்று ஒரு பொருள் உண்டு. எதிராளியின் வாதத்தை மறுப்பதுபோலத் தோன்றும், ஆனால் அந்த வாதம் எதன்மேல் நிற்கிறதோ அதைத் தொடாது. கௌதமரின் நியாய சூத்திரத்தில் மொத்தம் ஐந்து அத்தியாயங்கள். கடைசி அத்தியாயத்தின் முதல் பகுதி இந்தப் போலி மறுப்புகளுக்கென்றே ஒதுக்கப்பட்டது. 24 வகை சொல்லியிருக்கிறது. நீங்கள் எழுதியது அதில் ‘உத்கர்ஷசமம்’ என்ற வகை. உங்கள் மேடம் குறித்தது சரிதான். ஆனால் நீங்கள் அடுக்கிய மூன்றில் ஒன்று, வேறு முறையில் எழுதப்பட்டிருந்தால், நியாயவாதிகள் பல நூற்றாண்டு மல்லுக்கட்டிய மறுப்பு. அது எது, எப்படி எழுதியிருக்க வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

‘வெறும் உவமை’ என்ற தொடக்கத்திலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. நியாயம் ஏற்கும் அளவைகள், அதாவது சரியான அறிவு பிறக்கும் வழிகள், நான்கு: காட்சி, அனுமானம், உவமானம், ஆப்தர் சொல். இதில் உவமானத்தின் வேலை மிகச் சிறியது. கவயம் என்ற காட்டு விலங்கைக் கண்டிராத ஒருவனிடம் காட்டுவாசி ஒருவர், “அது பசுவைப் போல இருக்கும்” என்கிறார். பிறகு காட்டில் பசுவைப் போன்ற ஒன்றைப் பார்த்ததும், “கவயம் என்ற பெயர் இதற்குத்தான்” என்று அவன் அறிகிறான். உவமானம் அந்த அறிவைத் தருவதோடு சரி. ஈசுவரனை நிறுவ நியாயவாதி அதைத் தொடுவதே இல்லை. அவர் செய்வது அனுமானம். அங்கே குடம் வருவது ஒப்புமைக்காக அல்ல, ஒரு விதிக்குச் சான்றாக.

அனுமானத்தை ஐந்து உறுப்பாகச் சொல்வது நியாய முறை. இதை நீங்கள் சமஸ்கிருத நூலில்தான் தேட வேண்டும் என்பதில்லை. மணிமேகலையின் 29ஆம் காதையில் பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்று ஐந்தும் பெயரோடு வருகின்றன. எடுத்துக்காட்டுக்கு நம் வீட்டு அடுக்களையே வருகிறது. இந்த மலையில் நெருப்பு இருக்கிறது. ஏனென்றால் புகை இருக்கிறது. எங்கே புகையோ அங்கே நெருப்பு, அடுக்களையில் போல. இந்த மலையிலும் அப்படிப்பட்ட புகை இருக்கிறது. ஆகவே நெருப்பு இருக்கிறது. சொல்லும் அறவண அடிகள் பௌத்தர் என்பதால், கடைசி இரண்டும் திட்டாந்தத்திலேயே அடங்கும் என்று சொல்லி மூன்றோடு நிறுத்திக்கொள்வார்.

இதில் மூன்றாம் வரியைக் கவனியுங்கள். மலை அடுக்களையைப் போன்றது என்று யாரும் சொல்லவில்லை. மலையில் அம்மி இல்லை, உரல் இல்லை, சமைக்க ஆள் இல்லை. புகை இருந்தால் நெருப்பு இருக்கும் என்ற பிரியாத் தொடர்புக்கு, அதாவது வியாப்திக்கு, இரண்டு தரப்பும் ஒத்துக்கொள்ளும் ஓர் இடமாக அடுக்களை வந்திருக்கிறது. அவ்வளவுதான். இப்போது ஒருவர், “அடுக்களையில் அம்மி இருக்கிறது, ஆகவே மலையிலும் அம்மி இருக்க வேண்டும், மலையில் அம்மி இல்லை, ஆகவே நெருப்பும் இல்லை” என்று மறுத்தால் எப்படி இருக்கும்? எடுத்துக்காட்டில் இருக்கும் ஏதோ ஒரு பண்பைப் பிடுங்கி எதிராளியின் தலையில் கூடுதலாக ஏற்றுகிறார் அல்லவா, அதுதான் உத்கர்ஷசமம். உத்கர்ஷம் என்றால் கூட்டுதல். ‘குயவன் சாவான், ஆகவே ஈசுவரனும் சாக வேண்டும்’ என்பது அம்மியை மலைக்குத் தூக்கிப் போகிற வேலை.

நியாயவாதியின் வாதத்தை அதே ஐந்து வரியில் வைத்துப் பார்த்துவிடுவோம். மண், மலை, முளை முதலியவற்றுக்குச் செய்தவன் ஒருவன் இருக்கிறான். ஏனென்றால் அவை காரியம், அதாவது முன்பு இல்லாமலிருந்து உண்டானவை. எது எது காரியமோ அதற்கெல்லாம் செய்தவன் உண்டு, குடத்துக்குப் போல. முளை முதலியனவும் அப்படிப்பட்ட காரியமே. ஆகவே அவற்றுக்கும் செய்தவன் உண்டு. ‘செய்தவன்’ என்ற சொல்லுக்கும் அவர்கள் கறாரான வரையறை வைத்திருக்கிறார்கள். எந்தப் பொருளிலிருந்து செய்கிறோமோ அதைப் பற்றிய நேரடி அறிவு, செய்ய வேண்டும் என்ற இச்சை, அதற்கான முயற்சி, இந்த மூன்றும் உடையவன். கையும் காலும் வரையறைக்குள் இல்லை. ஆகவே ‘கைகால் வேண்டுமே’ என்று மட்டும் நீங்கள் எழுதினால், “நான் அப்படிச் சொல்லவே இல்லையே” என்று அவர் நகர்ந்துவிடுவார்.

வியாப்தியின்மேல் கை வைத்தால்தான் அவர் நகர முடியாது. வியாப்தியில் கை வைக்க நியாயமே தந்த கருவிக்கு உபாதி என்று பெயர். தன் வீட்டை இடிக்கும் கருவியைத் தானே தீட்டி எதிராளியின் கையில் கொடுத்த மரபு அது. அதற்காகவே எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை.

உபாதியைப் புரிந்துகொள்ள மலை நெருப்பைத் திருப்பிப் போடுவார்கள். “இங்கே புகை இருக்கிறது, ஏனென்றால் நெருப்பு இருக்கிறது, அடுக்களையில் போல” என்று ஒருவர் சொல்கிறார். அடுக்களையில் நெருப்பும் உண்டு, புகையும் உண்டு, உண்மைதான். வாதம் முழுச் சரிபோலவே தோன்றும். ஆனால் கொல்லன் பட்டறைக்குப் போய்ப் பாருங்கள். உலையிலிருந்து குறடால் எடுத்த இரும்பு செக்கச்செவேலென்று கனல்கிறது, புகை இல்லை. அடுக்களையில் புகையை எழுப்பியது வெறும் நெருப்பு அல்ல, ஈர விறகோடு சேர்ந்த நெருப்பு. வாதத்தில் சொல்லப்படாமல் பின்னால் நின்று வேலை செய்த அந்த ஈர விறகுதான் உபாதி. அதைக் கண்டுபிடிக்க இரண்டு சோதனை. எங்கெல்லாம் நிறுவ வேண்டியது (புகை) இருக்கிறதோ அங்கெல்லாம் அது இருக்க வேண்டும். ஏது, அதாவது வாதத்தில் காட்டிய காரணம் (நெருப்பு), இருக்கும் ஓர் இடத்திலாவது அது இல்லாமல் இருக்க வேண்டும். புகையுள்ள இடமெல்லாம் ஈர விறகு உண்டு. நெருப்புள்ள இரும்பில் ஈர விறகு இல்லை. இரண்டும் பொருந்துகிறது, ஆகவே நெருப்பை வைத்துப் புகையை அனுமானிக்க முடியாது.

இதே சோதனையை உங்கள் ‘உடம்பு’க்குச் செய்து பாருங்கள். நிறுவ வேண்டியது, செய்தவன் உடைமை. ஏது, காரியமாக இருத்தல். உபாதி என்று நாம் சந்தேகிப்பது, ஓர் உடம்பால் செய்யப்பட்டிருத்தல். செய்தவன் உண்டென்று இரு தரப்பும் ஒத்துக்கொள்ளும் பொருள்களை எடுங்கள்: குடம், துணி, மதில். எல்லாமே உடம்பு கொண்டவர் செய்தவை. முதல் சோதனை தேறியது. அடுத்து, காரியமாக இருந்தும் உடம்பால் செய்யப்படாதது உண்டா? காட்டில் யாரும் விதைக்காமல் முளைத்த செடி. அது உண்டானது என்பதை நியாயவாதியே சொல்கிறார். எந்த உடம்பும் அதைச் செய்யவில்லை என்பதையும் அவர் ஒத்துக்கொள்வார். இரண்டாம் சோதனையும் தேறியது. ஆக, குடத்தில் ‘செய்தவன்’ கூடவே வந்தது அது காரியம் என்பதால் அல்ல, உடம்பால் செய்யப்பட்ட காரியம் என்பதால் என்று சொல்ல இடம் கிடைத்துவிடுகிறது.

அதே ‘உடம்பு’தான். ஜாதியாக எழுதியபோது 10க்கு 3. உபாதியாக எழுதினால் வியாப்தி ஆட்டம் காண்கிறது.

இங்கே கெட்டிக்கார மாணவர் ஒருவர் ஒரு தந்திரத்தைக் கண்டுபிடிப்பார். ஆண்டுதோறும் என் வகுப்பில் யாராவது கண்டுபிடிக்கிறார்கள். “அப்படியானால் ‘சாகிறவனால் செய்யப்பட்டிருத்தல்’ என்பதையும் உபாதியாக வைக்கலாமே. குடம், துணி எல்லாம் சாகிறவர் செய்தவை. காட்டு முளை அப்படி அல்ல. இரண்டு சோதனையும் தேறுகிறதே?” தேறுகிறதுதான். அதோடு நில்லாமல், ‘விவாதத்தில் இருக்கும் பொருளைத் தவிர வேறாக இருத்தல்’ என்ற ஒன்றை வைத்தால் உலகத்தில் உள்ள எந்த அனுமானத்தையும் உடைத்துவிடலாம். மலையைத் தவிர மற்ற இடங்களில்தான் புகையோடு நெருப்பு வரும் என்று சொல்லிவிட்டால் மலை நெருப்பும் போயிற்று. இதை நியாயவாதிகள் நன்றாகவே கண்டிருந்தார்கள். ஆகவே உபாதி என்று ஒன்றைக் காட்டுகிறவர் அது உண்மையிலேயே விளைவோடு தொடர்புடையது என்று காட்ட வேண்டும். அதற்குத் துணை நிற்கும் தர்க்கம் வேண்டும். ஈர விறகை எடுத்துவிட்டால் புகை நிற்கிறது, போட்டால் எழுகிறது. அது வேலை செய்கிறது.

இந்தக் கேள்வியோடு உங்கள் மூன்றையும் குயவனின் திரிகை அருகில் கொண்டுபோய் வையுங்கள். குயவர் கோலால் திரிகையைச் சுழற்றுகிறார். சுழலும் மண் திரளின் நடுவில் பெருவிரலை இறக்குகிறார்; உள்ளங்கை வெளியிலிருந்து தாங்குகிறது; விரலும் கையும் ஒருசேர மேலே வர, சுவர் எழுகிறது. கையை எடுத்தால் எழுச்சி நின்றுவிடும். அவர் 40 ஆண்டு கழித்து இறப்பார் என்பது இந்தக் குடத்தின் உருவாக்கத்தில் எதையும் செய்யவில்லை. அடுத்த தெருவில் இன்னொரு குயவர் இருக்கிறார் என்பதும் எதையும் செய்யவில்லை. கை செய்கிறது. ஆகவே சாவும் பன்மையும் அம்மி, உரல் வரிசையில் போய்விடும்; உடம்பு மட்டும் ஈர விறகின் வரிசையில் நிற்கும். (பன்மையை வேறு வழியில் கிளப்பலாம், அதற்குப் பின்னால் வருகிறேன்.)

ஹியூமைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1779இல் வெளிவந்த அவருடைய உரையாடல் நூலில், வீட்டுக்குக் கொத்தனார் போல உலகுக்கு ஒருவர் என்ற வாதத்தைப் பிடித்து, ஏன் பலராக இருக்கக் கூடாது, ஏன் சாகிறவராக இருக்கக் கூடாது என்ற கேள்விகள் வருவது உண்மை. அங்கே எதிராளி ஒப்புமையை வைத்தே வாதிடுகிறார். ஒப்புமை எவ்வளவு தூரம் ஓடும் என்று கேட்பது அங்கே நேரான கேள்வி. நியாயவாதி வியாப்தியை வைத்து வாதிடுகிறார். அவரிடம் ஹியூமின் கேள்வியை அப்படியே கொண்டுவந்தால் முகவரி மாறிய கடிதம்தான். எதிராளி யார், அவர் எதன்மேல் நிற்கிறார் என்று பார்த்து மறுப்பதுதான் வாதம் என்ற நல்ல விவாதத்தின் முறை.

இனி நியாயவாதியின் பதில். உடம்பு உபாதி என்றதும் அவர் வாதத்தைக் கைவிட்டுவிடவில்லை. காஷ்மீரத்தில் 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜயந்த பட்டர் கொடுக்கும் பதில் எனக்கு மிகவும் பிடித்தது. குயவர் தன் கையால் மண்ணை அசைக்கிறார், சரி. தன் கையை எதைக் கொண்டு அசைக்கிறார்? இன்னொரு கையைக் கொண்டா? அந்த இன்னொரு கையை எதைக் கொண்டு? எங்கோ ஓரிடத்தில், ஆன்மாவின் இச்சையும் முயற்சியும் நேரடியாக ஒரு சடப்பொருளை அசைத்தே ஆக வேண்டும். உணர்வற்ற உடம்பு ஆன்மாவின் இச்சைக்கு இணங்குவதுபோல, அணுக்கள் ஈசுவரனின் இச்சைக்கு இணங்கும் என்கிறார் அவர். ஆக, அசைவுக்கு வேண்டியது முயற்சி. உடம்பு அந்த முயற்சிக்குக் கிடைத்த ஒரு கருவி மட்டுமே. வேலை செய்வதுபோலத் தோன்றிய ஈர விறகு, உண்மையில் விறகே அல்ல என்கிறார்.

வலுவான பதில். ஆனால் எதிர்த்தரப்பு இதற்கும் வாயை மூடவில்லை. ஆன்மா தன் உடம்பை அசைக்கிறது என்றால், அது தன் வினையால் வந்து பொருந்திய உடம்பு. பக்கத்து வீட்டுக்காரரின் கையை என் முயற்சி அசைப்பதில்லையே. அதோடு, அறிவு, இச்சை, முயற்சி மூன்றும் எங்கே தோன்றினாலும் உடம்போடு கூடிய ஆன்மாவில்தான் தோன்றுகின்றன. இதற்கு நியாயவாதி, ஈசுவரனுடைய அறிவும் இச்சையும் முயற்சியும் என்றும் உள்ளவை, தோன்றுவன அல்ல, ஆகவே தோன்றுவதற்கு உடம்பு வேண்டியதில்லை என்பார். அப்படியானால் குடத்தின் அருகே பார்த்து நாம் கற்ற முயற்சியும் இதுவும் ஒரே இனமா என்ற கேள்வி மறுபடி வாசலில் வந்து நிற்கும்.

அந்தக் கேள்வியைக் கூர்மையாகக் கேட்டவர் தருமகீர்த்தி, 7ஆம் நூற்றாண்டின் பௌத்தர். பிரமாணவார்த்திகத்தில் அவர் இரண்டு உதாரணம் வைக்கிறார். புகை வெளுத்த நிறமுடையது. அதற்காக வெளுத்த எதைப் பார்த்தாலும் நெருப்பு உண்டென்று அனுமானிப்பீர்களா? குடம் மண்ணால் ஆன ஒன்று, குயவன் செய்தது; அதற்காக மண்ணால் ஆன புற்றையும் குயவன்தான் செய்தான் என்பீர்களா? சொல் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றாகிவிடாது என்பது அவருடைய குற்றச்சாட்டு.

இந்தப் பாடம் நடத்தும் நாளில் ஒரு கறையான் புற்றின் துண்டையும் ஒரு செங்கல்லையும் மேசைமேல் வைப்பேன். புற்றுத் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தால் உள்ளே விரல் நுழையும் பாதைகள், வளைந்து வளைந்து ஒன்றோடொன்று சேர்கின்றன. கறையானின் எச்சில் கலந்து இறுகிய மண், நகத்தால் சுரண்டினால் எளிதில் உதிராது. ஒழுங்கில் அது செங்கல்லைவிடப் பல மடங்கு நுட்பமானது. ஆனால் செங்கல்லைப் பார்த்ததும் “யாரோ அச்சில் அறுத்திருக்கிறார்கள்” என்று நமக்குத் தோன்றுகிறது. அறுத்தவரை நாம் பார்த்ததில்லை, ஆனாலும் தோன்றுகிறது. புற்றைப் பார்த்தால் அப்படித் தோன்றுவதில்லை. பௌத்தர்கள் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். செய்ததைப் பார்க்காமலேயே ‘இது செய்யப்பட்டது’ என்ற எண்ணத்தை எழுப்பும் வகைப் பொருள்கள் உண்டு. வியாப்தி அந்த வகைக்குள்தான் கற்கப்பட்டது. காட்டு முளையும் மலையும் அந்த எண்ணத்தை எழுப்பாதவை. இரண்டையும் ‘காரியம்’ என்ற ஒரே சொல்லால் மூடுவது, வெளுத்ததையெல்லாம் புகை என்பதுபோல.

நியாயவாதி இங்கே ஒரு விதியை நினைவூட்டுவார். அது சரியான விதி. “காட்டு முளைக்குச் செய்தவன் இல்லையே” என்று எதிராளி சொன்னால், அதுதானே இப்போது வழக்கில் இருக்கிறது, வழக்கில் இருக்கும் பொருளையே எதிர்ச்சான்றாகக் கொண்டுவரக் கூடாது என்பார். கண்ணுக்குத் தெரியவில்லை என்பதும் போதாது. கண்ணுக்குத் தெரியக்கூடிய ஒன்று தெரியாமல் போனால்தான் அது இல்லை என்று முடிவு கட்டலாம். மேசைமேல் குடம் தெரியவில்லை, ஆகவே இல்லை. ஈசுவரன் கண்ணுக்குத் தெரியும் வகையே அல்ல. தேர்வுத்தாளில் பலர் விழும் குழி இது. “முளைக்குச் செய்தவனை யாரும் பார்த்ததில்லை” என்ற ஒரு வரியோடு வாதம் முடிந்ததாக எழுதிவிடுவார்கள்.

ஆனால் பௌத்தருக்கு எதிர்ச்சான்று தேவையே இல்லை. 11ஆம் நூற்றாண்டில் விக்கிரமசீலத்தில் இருந்த ரத்னகீர்த்தி, இந்த வாதத்தை மறுப்பதற்கென்றே எழுதிய நூலில் அதைத் தெளிவாக்குகிறார். செய்தவன் இல்லாத இடத்தில் காரியமும் இல்லை என்பது உறுதிப்படவில்லை, சந்தேகமாகவே இருக்கிறது. சந்தேகத்துக்கு உரிய வியாப்தியை வைத்து எதையும் நிறுவ முடியாது. செய்தவன் இல்லை என்று நான் நிறுவ வரவில்லை, உண்டு என்று நீங்கள் நிறுவவில்லை என்பதே அவர் நிலை. நிறுவும் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி இப்படிப் பளிச்சென்று வெளியே வருவதை நீங்கள் விடையில் காட்டினால், எந்த ஆசிரியரும் மகிழ்வார்.

அந்தச் சந்தேகத்தைப் போக்க நியாயவாதியிடம் இருப்பது ஒரு தர்க்கம்: செய்தவன் இல்லாமல் காரியம் உண்டாகும் என்றால், காரணம் இல்லாமல் காரியம் உண்டாகும் என்றாகிவிடும். புகைக்கு இது போன்ற தர்க்கம் அற்புதமாக வேலை செய்யும். நெருப்பில்லாமல் புகை வரும் என்று சந்தேகப்படுகிறவர், பிறகு புகை வேண்டும்போது ஏன் நெருப்பைத் தேடிப் போகிறார் என்று நியாயவாதி கேட்பார். சந்தேகிக்கிறவரின் நடத்தையே சந்தேகத்தைப் பொய்யாக்கிவிடுகிறது. முளைக்கு அது பொருந்துமா? நம் சைவ சித்தாந்த நூல்களில் வழங்கும் சொற்களில் சொன்னால், குடத்துக்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவர் நிமித்த காரணம். முளைக்கு விதை உண்டு, ஈரம் உண்டு, மண்ணும் வெயிலும் உண்டு. நிமித்த காரணத்தை மட்டும் எடுத்துவிட்டால் காரணமே இல்லாமல் போய்விட்டது என்று எப்படிச் சொல்வது? நியாயவாதி, கோடரி தானாக மரத்தைப் பிளக்காது, உணர்வற்றது எதுவும் உணர்வுடைய ஒருவன் செலுத்தாமல் செயல்படாது என்பார். பழைய நியாய உரையாசிரியரான உத்யோதகரர் காலத்திலிருந்து வரும் பதில் இது. ஆனால் விதை கோடரியைப் போன்றதா என்பதுதான் வழக்கே. வழக்கில் இருக்கும் பொருளை எதிர்ச்சான்றாக்கக் கூடாது என்று சொன்ன அவரே, அதே பொருளைத் தன் விதிக்குள் முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளவும் கூடாதல்லவா.

என் கருத்தைக் கேட்டால், இந்த வாதத்தின் பாரம் முழுவதும் அந்த ஒரு தர்க்கத்தின்மேல்தான் இருக்கிறது. அது தாங்கவில்லை என்றே நினைக்கிறேன். உடம்பு பற்றிய உபாதிக்கு ஜயந்தர் சொன்ன பதிலை என்னால் எளிதில் தள்ள முடியவில்லை. ரத்னகீர்த்தியின் சந்தேகத்துக்குத்தான் நியாயத்தில் நிறைவான பதில் எனக்குக் கிடைக்கவில்லை. உங்கள் மேடம் வேறு முடிவுக்கு வந்திருக்கலாம். முடிவு எதுவானாலும், எந்தப் படியில் நின்று அதை எடுத்தீர்கள் என்பதை விடைத்தாள் காட்ட வேண்டும்.

வாதத்தை மறுத்தால் நாத்திகராகிவிட வேண்டும் என்று எண்ணி மாணவர்கள் சிலர் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஸ்ரீரங்கத்து ராமானுஜரைப் படியுங்கள். பிரம்ம சூத்திரத்தின் மூன்றாம் சூத்திரத்துக்கு ஸ்ரீபாஷ்யத்தில் எழுதும்போது, இதே அனுமானத்தை அவர் துண்டு துண்டாக்குகிறார். அங்கேதான் பன்மையும் சரியான வடிவில் வருகிறது. நிலமும் கடலும் மலையும் ஒரே சமயத்தில் ஒருவனால் செய்யப்பட்டன என்பதற்கு ஏது எங்கே? வேறு வேறு காலத்தில் வேறு வேறு பேர் செய்திருக்கலாமே. காரியம் என்ற ஏது ‘செய்தவன்’ வரைதான் அழைத்துப் போகும், ‘ஒருவன்’ வரை போகாது. பாருங்கள், ‘குயவர்கள் பலர், ஆகவே ஈசுவரனும் பலர்’ என்று அவர் சொல்லவில்லை. இந்த ஏதுவிலிருந்து ஒருமை வராது என்கிறார். முடிவில் இறைவனை அறிய வழி சாத்திரம் மட்டுமே என்று நிறுத்துகிறார். அனுமானம் என்ற அளவையின் எல்லையைக் காட்டி, ஆப்தர் சொல் என்ற அளவைக்கு இடம் திறக்கிறார் ஒரு பக்தர்.

கடைசியாக, ஜாதி என்ற குறிப்பால் மனம் வருந்த வேண்டாம். நியாய சூத்திரம் மூவகைக் கதை, அதாவது உரையாடல், சொல்கிறது. உண்மையை அறிய விரும்பும் இருவர் அளவையும் தர்க்கமும் கொண்டு பேசுவது வாதம். வெல்ல வேண்டும் என்று ஜாதி முதலியவற்றையும் பயன்படுத்திப் பேசுவது ஜல்பம். தனக்கென்று ஒரு கொள்கை வைக்காமல் எதிராளியை உடைப்பது மட்டும் விதண்டை. பின்னிரண்டுக்கும் கூட ஒரு பயன் உண்டு, முளையைக் காக்க முள்கிளையால் வேலி கட்டுவதுபோல என்று நான்காம் அத்தியாயத்தில் ஒரு சூத்திரம் வருகிறது. ஆனால் வாதத்தை யாரோடு செய்ய வேண்டும் என்று பட்டியலிடும் இடத்தில் மாணவர், ஆசிரியர், உடன் பயில்வோர் என்று, பொறாமை இல்லாதவர்களைத்தான் அது சொல்கிறது. மேடம் அந்த ஒரு சொல்லை எழுதி நிறுத்தியது, நீங்கள் வந்து கேட்பீர்கள் என்று எதிர்பார்த்துத்தான் இருக்கும். காட்டு முளைக்கான இரண்டு சோதனையையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போய், “உடம்பு என்பதை உபாதியாக வைத்தால் நிற்குமா, மேடம்?” என்று கேளுங்கள்.